முகம் காணாத நண்பருக்குக் கடைசிச் செய்தி

இணையத்தில் மட்டுமே பழகிய நண்பர் ஒருநாள் காணாமல் போய்விட்டால், என்ன ஆயிற்று என்று விசாரிக்க வழியே இருக்காது. உள்ளூர் நண்பர் என்றால் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம், தெரிந்தவர்களிடம் கேட்கலாம். நேரில் சந்திக்காமலே வளர்ந்த நட்பில் முகவரி தெரியாது; பல சமயம் வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது. ஒருவர் இணையத்தை விட்டு நிரந்தரமாக விலகும்போது மற்றவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே விளக்கம் அவர் எழுதிவைக்கும் கடைசிச் செய்திதான்.

அந்தச் செய்தி வராமல் போனால் என்ன நேரும் என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸின் ஆய்வுகள் உதவுகின்றன. 1970களில் அவர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மனம் துக்கப்பட்டு மெல்லத் தேறும். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாமல், நம்பிக்கையை விடவும் முடியாமல் மனம் நடுவில் நின்றுவிடுகிறது. இதை அவர் 'தெளிவற்ற இழப்பு' என்றார். போரில் பிள்ளையைத் தொலைத்த வீட்டின் வேதனையோடு இணைய நட்பின் பிரிவை ஒப்பிட முடியாது. ஆனால் விடை தெரியாத கேள்வி மனத்தை அரிக்கும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். 'நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா' என்று பழைய உரையாடல்களைத் திரும்பத் திரும்பப் புரட்டுபவர்கள் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே விடைபெறும் செய்தியில் முதலில் இருக்க வேண்டியது தெளிவு. விலகுவது நிரந்தரமா, எந்தத் தேதியில், எதனால், இதில் நண்பரின் தவறு ஏதும் உண்டா என்ற நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும். 'கொஞ்ச நாள் ஓய்வு', 'பார்க்கலாம்' போன்ற இதமான சொற்கள் எழுதுபவரின் சங்கடத்தைக் குறைக்கும். படிப்பவரையோ மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். காரணத்தை முழுவதும் விவரிக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு வரியாவது தேவை. காரணமே சொல்லாமல் 'எல்லாவற்றுக்கும் நன்றி, போய் வருகிறேன்' என்று மட்டும் எழுதினால், அவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறாரோ என்று நண்பர் பதறக்கூடும். ஓடிப்போய்ப் பார்க்கவும் அவரால் முடியாது. நலமாக இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே இந்தப் பதற்றத்தைத் தவிர்க்கும் வழி.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். சேலத்தில் ஓய்வுபெற்ற ஒருவரும் மலேசியாவின் கிள்ளானில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரும் ஃபேஸ்புக்கில் பழகியவர்கள். திரைப்பாடல்களின் ராகம் என்ன என்பதுதான் அவர்களின் பேச்சு. பெரியவருக்குக் கண் நீர் அழுத்த நோய் முற்றி, திரையைப் படிப்பது இயலாமல் போகிறது. அவர் இப்படி எழுதலாம்:

"தம்பி, இந்த மாசம் 30ஆம் தேதியோடு என் ஃபேஸ்புக் கணக்கை மூடிவிடுகிறேன். திரும்ப வரமாட்டேன். கண் பார்வை குறைந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை, மகள் வீட்டில் நன்றாக இருக்கிறேன். உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை என்று நீ சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளாமல் இரண்டு நாள் வாதாடினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகுதான் நான் ராகத்தைக் காது கொடுத்துக் கேட்கவே ஆரம்பித்தேன். உங்கள் அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் ஒரு பாட்டு அனுப்பினாய். அதையும் மறக்கமாட்டேன். 30ஆம் தேதி வரை தினமும் ராத்திரி பார்ப்பேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. அதற்குப் பிறகு என் பெயரில் யாராவது பணம் கேட்டு வந்தால் அது நான் இல்லை."

இந்தச் செய்தியில் புகழ்ச்சி எதுவும் இல்லை. 'நீ நல்ல நண்பன்' என்பதை யாருக்கும் எழுதலாம். ரீதிகௌளைச் சண்டையை இந்த ஒருவருக்குத்தான் எழுத முடியும். நேரில் பார்க்காத நட்புக்குப் புகைப்படமோ சேர்ந்து போன பயணமோ சாட்சியாக இருக்காது. பேசிய பேச்சு மட்டுமே அதன் உடைமை என்பதால், அதிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துச் சொல்வதே அந்த நட்பு உண்மையானது என்பதற்கு அத்தாட்சி. கடைசி வரியும் வீண் எச்சரிக்கை அல்ல. விலகியவரின் பெயரையும் படத்தையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி ஏமாற்றுபவர்கள் உண்டு. அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள நண்பருக்கு வேறு வழி இருக்காது.

நாள் குறித்ததும் அதே அளவு முக்கியம். ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், பேச்சை யாரும் ஒருதலையாக முடிப்பதில்லை என்று காட்டினார்கள். 'சரி, அப்புறம்?' என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் தனக்கும் சொல்ல ஒன்றுமில்லை என்று உணர்த்திய பிறகே தொலைபேசியை வைக்கிறார்கள். செய்தியை அனுப்பிய கையோடு கணக்கை அழிப்பவர், நண்பருக்குரிய அந்த முறையைப் பறித்துவிடுகிறார். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர் காலையில் எழுந்து எழுதும் பதில் யாரையும் சேராது. ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது. அதற்கு மேல் மாதக்கணக்கில் இழுத்தாலும் விடைபெறுதல் அலுத்து, ஒவ்வொரு பேச்சும் கனத்துவிடும்.

செய்தி நண்பரிடம் நிலைத்திருக்குமா என்பது செயலியைப் பொறுத்தது. ஃபேஸ்புக் கணக்கை அழித்தாலும் அனுப்பிய செய்திகள் நண்பரின் பெட்டியில் இருக்கும். அனுப்பியவரின் பெயரும் படமும் மட்டும் போய்விடும். எனவே செய்தியின் அடியில் பெயரைக் கையெழுத்துப்போலப் போடுவது நல்லது. அழிக்கச் சொன்ன 30 நாட்களுக்குள் மீண்டும் உள்ளே நுழைந்தால் முடிவை ரத்து செய்ய முடியும். வாட்ஸ்அப்பில் கணக்கை அழித்தாலும் நண்பரின் போனில் உள்ள செய்திகள் அழியாது. ஆனால் அந்த உரையாடலில் மறையும் செய்திகள் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கடைசிச் செய்தியும் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ மறைந்துவிடும். எழுதும் முன் அதை நிறுத்திவிட வேண்டும். செயலியைப் போனிலிருந்து நீக்குவது கணக்கை அழிப்பதாகாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அப்படி நீக்கினால் நண்பர் அனுப்பும் செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்கும், அவரோ பதில் வருமென்று நம்பிக்கொண்டிருப்பார்.

செய்தியைப் பெறுபவருக்கும் சில வேலைகள் உண்டு. பதிலை அன்றோ மறுநாளோ அனுப்பிவிட வேண்டும். அழகாக எழுதுவோம் என்று தள்ளிப்போட்டால் நாள் கடந்துவிடும். 'போகாதீர்கள்' என்று வற்புறுத்துவதைவிட, சொன்ன காரணம் புரிந்தது என்று தெரிவிப்பது விலகுபவருக்கு ஆறுதல். மின்னஞ்சலோ தபால் முகவரியோ வேண்டுமென்றால் ஒருமுறை கேட்கலாம். மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும், பிற கணக்குகளில் தேடிப் போகக் கூடாது. பழைய உரையாடலைப் பாதுகாக்க விரும்பினால், வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை மட்டும் ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கில் தகவல் பதிவிறக்க வசதி இருக்கிறது. கோப்பு தயாராகச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், குறித்த தேதிக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.