ஒரு கழித்தல் குறிக்கு எத்தனை மார்க்?

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எனக்கு ஏன் மார்க் குறைஞ்சிருக்கு?" அதற்குள் மூன்று விதமான குறைகள் ஒளிந்திருக்கும். முகப்புத்தாளில் கூட்டல் தவறியிருக்கலாம். ஒரு பக்கத்தைத் திருத்தாமலே புரட்டியிருக்கலாம். இவை இரண்டும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியவை, இவற்றில் வாதத்துக்கு இடமில்லை. மூன்றாவது குறைதான் சிக்கலானது. விடையைப் படித்து, திருத்தி, மார்க்கும் போட்டாயிற்று. அந்த மார்க் போதாது என்கிறார் மாணவர். இந்த மூன்றாவது முறையீட்டுக்கு ஓர் ஆசிரியர் எப்படிப் பதில் எழுத வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"மறுபடி பார்த்தேன், மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்த வரிக்கு மார்க் கிடைத்தது, எந்த வரியில் போனது, ஏன் போனது என்பது மாணவருக்குத் தெரிந்தால்தான் அது பதில். ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல். பள்ளியிலேயே நடக்கும் தேர்வு, வினாத்தாள் தயாரித்தவரும் திருத்துபவரும் ஒரே ஆசிரியர். கேள்வி இது: குவியத்தூரம் 20 செ.மீ. உள்ள ஒரு குவிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் ஒரு பொருள் இருக்கிறது. பிம்பம் எங்கே தோன்றும், உருப்பெருக்கம் எவ்வளவு, பிம்பத்தின் தன்மை என்ன? மொத்தம் 5 மார்க். ஆசிரியரின் விடைக்குறிப்பில் அது ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. வாய்பாட்டுக்கு 1, குறிகளோடு சரியாகப் பிரதியிட்டதற்கு 1, பிம்பத் தொலைவுக்கு 1, உருப்பெருக்கத்துக்கு 1, பிம்பத்தின் தன்மைக்கு 1.

லென்ஸ் வாய்பாடு 1/v − 1/u = 1/f. பொருள் லென்சின் இடப்பக்கம் இருப்பதால் u = −30. கழித்தலுக்குள் இன்னொரு கழித்தல் வரும்போது அது கூட்டலாகிவிடும். எனவே 1/v + 1/30 = 1/20, அதிலிருந்து v = 60 செ.மீ. உருப்பெருக்கம் v/u, அதாவது 60-ஐ −30-ஆல் வகுத்தால் −2. பிம்பம் மெய்யானது, தலைகீழானது, இரு மடங்கு பெரியது.

ஒரு மாணவி என்ன செய்திருந்தார்? தரவுகளை எழுதிய இடத்தில் u = −30 என்று சரியாகவே எழுதியிருந்தார். வாய்பாடும் சரி. பிரதியிடும் வரியில் மட்டும் 1/v − 1/30 = 1/20 என்று எழுதிவிட்டார். ஒரு குறி விழுந்துபோனது. அதற்குப் பிறகு கணக்கில் பிழையே இல்லை: v = 12 செ.மீ., உருப்பெருக்கம் 12-ஐ −30-ஆல் வகுத்து −0.4, பிம்பம் மெய்யானது, தலைகீழானது, சிறியது. ஆசிரியர் வாய்பாட்டுக்கு 1 கொடுத்துவிட்டு, 12 என்பதற்கு மேல் சிவப்புக் கோடு இழுத்து, மிச்சத்தை அடித்துவிட்டார். ஐந்துக்கு ஒன்று. "ஒரு குறிதான் தப்பு, எனக்கு 4 வர வேண்டும்" என்று மாணவி எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கணக்கில் 12 என்ற விடை இரண்டு வழியில் வரும். லென்சுக்குப் பதில் ஆடியின் வாய்பாட்டை, அதாவது 1/v + 1/u = 1/f என்பதைப் போட்டு, u = −30 என்று சரியாகவே பிரதியிட்டாலும் விடை 12-தான். ஆடியையும் லென்சையும் குழப்பிக்கொள்வது வகுப்பில் அடிக்கடி பார்க்கிற தவறு. கட்டுக்கட்டாகத் திருத்தும் கண் 12-ஐப் பார்த்ததுமே "ஆடி வாய்பாடு" என்று முடிவுகட்டிவிடும். ஆனால் கடைசி எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே தவறு இல்லை. ஒருவருக்கு லென்ஸ் பாடமே பிடிபடவில்லை. மற்றவருக்குப் பாடம் தெரியும், எழுதும்போது குறி நழுவிவிட்டது. இதைப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் படிப்படியாக மார்க் பகிர்ந்து வைக்கிறோம்.

ஆசிரியரின் பதில் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்:

"அன்பு மாணவிக்கு,

உன் விண்ணப்பத்தைப் படித்தேன். உன் விடையை விடைக்குறிப்போடு வைத்து வரிவரியாகப் பார்த்தேன்.

வாய்பாடு சரி. அதற்கான 1 மார்க் முன்பே கொடுத்திருக்கிறேன்.

பிரதியிட்ட வரியில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. மேலே தரவில் நீ −30 என்று சரியாக எழுதியிருந்தாலும், இந்த மார்க் குறியைச் சரியாகக் கையாண்டதற்கே உரியது. எனவே இது கிடையாது.

பிம்பத் தொலைவு 12 என்று வந்தது முந்தைய வரியின் தவறால். அந்த வரியிலிருந்து 12 வரை நீ செய்த கணக்கில் பிழை இல்லை. ஒரு தவறுக்கு ஒரு முறைதான் மார்க் குறைக்க வேண்டும், நான் இரண்டாம் முறையும் குறைத்துவிட்டேன். இதற்கு 1 சேர்க்கிறேன். உருப்பெருக்கத்துக்கும் அப்படியே. வாய்பாடு சரி, உன் v-ஐ வைத்து நீ போட்ட கணக்கும் சரி. இன்னும் 1.

பிம்பத்தின் தன்மைக்கு மார்க் தர முடியவில்லை. −0.4 வந்தால் பிம்பம் சிறியதாகத்தான் இருக்கும் என்று நீ சொல்லலாம். ஆனால் இந்தப் பகுதிக்குக் கணக்கே தேவையில்லை. பொருள் 30 செ.மீ.-இல் இருக்கிறது. அது 20-க்கும் 40-க்கும் நடுவில், அதாவது குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் நடுவில். அங்கே வைத்த பொருளின் பிம்பம் பெரியதாகத் தோன்றும் என்று கதிர்ப்படம் வரைந்து பார்த்திருக்கிறோம். அது மட்டுமல்ல, குவிலென்ஸ் உண்டாக்கும் எந்த மெய் பிம்பமும் லென்சிலிருந்து குவியத்தூரத்தைவிடக் கிட்டத்தில் விழாது. 20 செ.மீ. லென்சுக்கு 12 செ.மீ.-இல் மெய் பிம்பம் என்று வந்ததும் நீ நின்று மேலே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால் விட்டுப்போன குறியும் கண்ணில் பட்டிருக்கும்.

ஆக, 1 என்பது 3 ஆகிறது. நீ கேட்ட 4 இல்லை. முகப்புத்தாளிலும் மதிப்பெண் பதிவேட்டிலும் திருத்திவிட்டேன். இதில் இன்னும் ஐயம் இருந்தால் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வா."

இந்தப் பதிலில் மாணவி கேட்டதில் பாதி கிடைத்தது, பாதி மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் காரணம் அவருடைய விடைத்தாளிலேயே இருக்கிறது. "இரக்கப்பட்டுக் கொடுத்தேன்" என்றோ "இனி கவனமாக எழுது" என்றோ ஒரு வரி இல்லை. கடைசி மார்க் விஷயத்தில் வேறோர் ஆசிரியர் வேறு முடிவு எடுக்கலாம். மாணவி தன் எண்ணுக்குப் பொருந்தத்தான் தன்மையை எழுதியிருக்கிறார், அதனால் அதையும் கொடுக்கலாம் என்று வாதிட இடமுண்டு. நான் கொடுக்க மாட்டேன். நடக்கவே முடியாத ஒரு பிம்பத்தின் தன்மைக்கு மார்க் கொடுத்தால், அந்தப் பகுதி இயற்பியலைச் சோதித்ததாகாது.

ஒரு தவறுக்கு ஒரு முறைதான் குறைப்பது என்ற விதிக்கும் எல்லை உண்டு. தவறான வரி கணக்கைச் சுலபமாக்கிவிட்டால், பின்னால் வரும் வேலையை மாணவர் செய்யாமலே தப்பித்திருக்கிறார், அதற்கு முழு மார்க் தர முடியாது. ஆடி வாய்பாட்டைப் போட்டவருக்கும் இந்தச் சலுகை செல்லாது. அவர் தொடக்கத்திலேயே வேறு கேள்விக்கு விடை எழுதுகிறார்.

இந்த முறையீட்டில் பெரும்பாலும் மறந்துபோகும் ஒரு வேலை இருக்கிறது. அதே வகுப்பில் அதே இடத்தில் குறியை விட்டவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. கூச்சமாக இருக்கலாம், கேட்கலாம் என்றே தெரியாமல் இருக்கலாம். ஒருவருக்கு 3 என்று திருத்திய அன்றே ஆசிரியர் மற்ற விடைத்தாள்களையும் வாங்கி அந்த ஒரு கேள்வியை மட்டும் பார்த்துவிட வேண்டும். 12 என்று முடிந்த தாள்களைப் பிரித்தெடுத்து, எந்த வழியில் 12 வந்தது என்று பார்த்தால் போதும். அதைச் செய்யாவிட்டால் துணிந்து கேட்டவருக்கு ஒரு மார்க், கேட்காதவருக்கு ஒரு மார்க் என்று ஆகிவிடும்.

பொதுத்தேர்வில் இப்படி ஒரு கடிதம் வராது. பிளஸ் டூ விடைத்தாளில் மாணவரின் பெயர் தெரியாதபடி மறைத்து, மதிப்பீட்டு முகாமில் யாரோ ஓர் ஆசிரியர் திருத்துகிறார். அவர் யாரென்று மாணவருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் அந்தக் கடிதத்தின் இடத்தில் இருப்பது விடைத்தாள் நகல்தான். முடிவு வந்த பிறகு மாணவர் நகல் கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு சரியென்றே எனக்குப் படுகிறது. விடைத்தாளைப் பார்க்காமல் கேட்பவருக்குத் தன் குறை கூட்டலிலா மதிப்பீட்டிலா என்றே தெரியாது.

விடைத்தாளைப் பார்க்கும் உரிமைக்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே இருக்கிறது. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில், திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் தகவல்தான், தேர்வு எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பார்ப்பதும் மறுபடி திருத்தச் சொல்வதும் ஒன்றல்ல. தேர்வு நடத்தும் அமைப்பின் விதியில் மறுமதிப்பீடு இல்லையென்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984-இல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் நீதிமன்றம் இன்னும் இறுக்கிப் பிடித்தது: விளக்கம் சொல்லி நிறுவத் தேவையில்லாமல் பார்த்தவுடன் தெரிகிற பிழை இருந்தால் மட்டுமே, அதுவும் மிக அரிதாகவே, நீதிமன்றம் தலையிடலாம். அனுதாபம் அதற்குக் காரணமாகாது.

அதனால் நகல் கையில் கிடைத்ததும் முதல் வேலை, அதை உங்கள் பாட ஆசிரியரிடம் கொண்டுபோவது. அவர் முதலில் பக்கம் பக்கமாக மார்க்கைக் கூட்டி முகப்போடு ஒப்பிடுவார். பிறகு திருத்தாமல் விட்ட பகுதி இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விடைக்குறிப்பை எடுத்து, மேலே சொன்ன லென்ஸ் கணக்கைப் பார்த்ததுபோல ஒவ்வொரு படியாகப் பார்ப்பார். எத்தனையாவது கேள்வி, எந்தப் படி, விடைக்குறிப்பில் அதற்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தபின் இடைவெளி ஏதும் தெரியவில்லையென்றால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். இடைவெளி தெரிந்தால் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.