மழைக்காலக் காய்ச்சலும் நாள் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை பெய்யத் தொடங்கிய சில வாரங்களில், குளிர் நடுக்கமும் உடல்வலியும் சேர்ந்த காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருவோர் தமிழ்நாட்டில் கூடிவிடுகிறார்கள். டெங்கு, சிக்குன்குன்யா, மலேரியா மூன்றும் கொசுவால் வருபவை. எலிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு, ஃப்ளூ ஆகியவற்றுக்கும் கொசுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

அதனால்தான் காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் என்று மருத்துவர் முதலில் கேட்கிறார். எந்தப் பரிசோதனை செய்யலாம் என்பதை அந்த நாள் கணக்கே முடிவு செய்கிறது. டெங்குவைக் காட்டும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில் பயன்படும். அதற்குப் பிறகு ஐஜிஎம் எதிரணுவைத் தேடுவார்கள். மலேரியாவுக்கு ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒன்றும் தெரியாவிட்டாலும், சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள்.

அடுத்துச் சில குறிப்புகள். மூட்டுகள் வீங்கிக் காலை ஊன்ற முடியாமல் போனால் சிக்குன்குன்யா நினைவுக்கு வரும். தேங்கிய நீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக் காய்ச்சலைச் சந்தேகிப்பார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே நல்லது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவுக்கு வழிவிடலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. அப்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தட்டணுக்கள் குறைந்தாலே டெங்கு என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. அது எப்படித் தவறாகப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: நவம்பரில் வயல்வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாளில் தட்டணுக்கள் 90,000, என்எஸ்1 இல்லை. இருந்தும் டெங்கு என்றே வீட்டார் நினைக்கிறார்கள். எட்டாம் நாளும் காய்ச்சல் தணியவில்லை, இருமலும் சேர்ந்துகொள்கிறது. டெங்கு காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும் என்பதால் மருத்துவருக்கு ஐயம் எழுகிறது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று தேடும்போது, பாவாடை நாடா கட்டும் இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று கிடைக்கிறது. சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கிறது. அது புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்த இடம். நோய் ஸ்க்ரப் டைபஸ். அதிலும் தட்டணுக்கள் குறையும்.

பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. எனவே அது இல்லை என்பதால் நோயும் இல்லை என்று விட்டுவிட முடியாது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்பதால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை என்று மருத்துவர் தொடங்குகிறார். பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு நோயைத் தேடத் தொடங்குவார்கள்.