அடுத்த யூனிட்டுக்கு என்ன செலவு?

ஓர் அனல் மின் நிலையத்தில் இரண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. தேவை 450 மெகாவாட். ஆளுக்கு 225 என்று சரிபாதியாகப் பிரித்தால் என்ன? நிலக்கரிதான் வீணாகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு யூனிட் மின்சாரம்கூட வெளியே போகாவிட்டாலும், கொதிகலனைச் சூடாக வைத்து இயந்திரத்தைச் சுழலவிட எரிபொருள் தேவை. முதல் இயந்திரத்துக்கு அது மணிக்கு 1 லட்சம் ரூபாய், இரண்டாவதற்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல், P மெகாவாட்டில் ஓடும்போது இன்னும் ஒரு யூனிட் கூட்டினால் ஆகும் எரிபொருள் செலவு, ரூபாயில்:

முதல் இயந்திரம்: 2.00 + 0.004 P
இரண்டாம் இயந்திரம்: 1.40 + 0.008 P

இரண்டும் 225-இல் ஓடும்போது மொத்தச் செலவை உற்பத்தியால் வகுத்தால், முதலாவதில் யூனிட்டுக்கு சுமார் 2.89 ரூபாய், இரண்டாவதில் 2.57 வருகிறது. இரண்டாவதுதான் மலிவு, அதன் மேல் இன்னும் சுமை ஏற்றலாம் என்று தோன்றும். பலரும் தவறுவது இங்கேதான். சராசரியில் ஏற்கெனவே எரிந்துபோன எரிபொருளும் சேர்ந்திருக்கிறது. சுமையை மாற்றினாலும் அந்தச் செலவு மாறாது. பார்க்க வேண்டியது அடுத்த யூனிட்டின் செலவை மட்டுமே. அது முதலாவதில் 2.90 ரூபாய், இரண்டாவதில் 3.20.

ஆகவே இரண்டாவதில் குறைத்து முதலாவதில் கூட்டினால் லாபம். மாற்ற மாற்ற அந்த 30 காசு இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். முதலாவது 250, இரண்டாவது 200 என்று ஆகும்போது இரண்டிலும் அடுத்த யூனிட் சரியாக 3 ரூபாய். அதற்கு மேல் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நஷ்டம். 25 மெகாவாட் இடம் மாறியதில் மணிக்கு 3,750 ரூபாய் மிச்சம். நாள் முழுவதும் இதே சுமை நீடித்தால் 90,000 ரூபாய்.

தேவை 600 ஆனால்? கணக்கு 350, 250 என்கிறது. அடுத்த யூனிட் 3.40. ஆனால் முதல் இயந்திரத்தின் உச்சத் திறன் 300 என்றால் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீதி 300-ஐ இரண்டாவது சுமக்கும். இப்போது முதலாவதில் 3.20, இரண்டாவதில் 3.80. செலவுகள் சமமாக இல்லை. ஆனாலும் இயன்றதில் சிக்கனமான பங்கீடு இதுதான். எல்லையைத் தொட்ட இயந்திரத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, மற்றவற்றுக்குள் சமன் தேட வேண்டும்.

நிலையங்கள் தொலைவில் இருந்தால் கம்பி வழி இழப்பும் சேரும். மின்சாரத்தை அதிகம் இழந்து வந்து சேரும் நிலையத்தின் செலவை அந்த அளவுக்கு உயர்த்தித்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த இரண்டு சூத்திரங்கள். நிலக்கரியின் தரம் இறங்கினாலும், கொதிகலன் குழாய்களில் சாம்பல் படிந்தாலும் அவை மாறிவிடும். கணக்கு சொல்லும் எரிபொருளும் உண்மையில் எரிந்த நிலக்கரியும் தொடர்ந்து பொருந்தாமல் போனால், இயந்திரத்தை மறுபடி சோதித்துச் சூத்திரத்தைத் திருத்திய பிறகே சுமையைப் பங்கிட வேண்டும்.