சார்ஜரைக் கழற்றினால் கேம் ஏன் திணறுது?

கேமிங் லேப்டாப் வச்சிருக்கிறவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. "சார்ஜர் போட்டு ஆடினா 90 எஃப்பிஎஸ். கழற்றின அடுத்த செகண்டே 40. பேட்டரி 100 சதவீதம் இருக்கு, பவர் பிளானும் மேக்ஸிமம்ல இருக்கு. பேட்டரி போயிடுச்சா, புதுசு வாங்கணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். பேட்டரியில எவ்வளவு சேமிப்பு இருக்கு என்பது ஒரு விஷயம். ஒரே நேரத்துல அதுல இருந்து எவ்வளவு வேகமா எடுக்கலாம் என்பது வேற விஷயம். தண்ணி டேங்க் நிறைஞ்சிருந்தாலும் அரை இன்ச் பைப்ல வர்ற அளவுதானே வரும்? அது மாதிரிதான்.

முதல்ல வாட் கணக்கு

ஒரு சராசரி லேப்டாப்பை எடுத்துக்குவோம். ஆர்டிஎக்ஸ் 4060 ஜிபியு, 60 வாட்-ஹவர் பேட்டரி, பெட்டியோட வந்த 230 வாட் சார்ஜர். கனமான கேம் ஓடும்போது ஜிபியு 115 வாட் எடுக்குதுன்னு வச்சுக்குங்க. சிபியுவுக்கு 45. ஸ்க்ரீன், ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 25. மொத்தம் 185 வாட். சார்ஜர் 230 தருது, அதனால கேமும் ஓடும், மிச்சத்துல பேட்டரியும் சார்ஜ் ஆகும்.

இப்போ சார்ஜரைக் கழற்றுங்க. 185 வாட்டையும் பேட்டரியே தரணும்னா, 60 வாட்-ஹவர் 20 நிமிஷம் கூட தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் கரண்ட். நாலு செல் தொடரா இருக்கிற பேட்டரியோட வோல்டேஜ் சுமார் 15. 185 வாட் வேணும்னா 12 ஆம்பியருக்கு மேல இழுக்கணும். அப்படி இழுத்தா செல் சூடாகும், வோல்டேஜ் சரியும். ரொம்ப சரிஞ்சா லேப்டாப் பாதி கேம்ல அணைஞ்சே போயிடும்.

இது நடக்கக் கூடாதுன்னுதான் மதர்போர்டுல இருக்கிற ஒரு சின்ன கன்ட்ரோலர், சார்ஜர் கழன்றது தெரிஞ்சதும் எல்லாருக்கும் ரேஷன் போடுது. நம்ம உதாரணத்துல மொத்த வரம்பு 80 வாட்னு கம்பெனி வச்சிருந்தா, மற்ற பாகங்களுக்கு 25, சிபியுவுக்கு 20 போக ஜிபியுவுக்கு மிஞ்சுறது 35. அதாவது 115-ல இருந்து 35.

வாட் மூணுல ஒரு பங்கா குறைஞ்சாலும் எஃப்பிஎஸ் அந்த அளவுக்கு விழாது. காரணம், உச்ச வேகத்துக்கு அருகில சிப்போட வோல்டேஜையும் ஏத்த வேண்டியிருக்கு, அதனால கடைசி சில ஃபிரேமுக்குத்தான் வாட் அதிகமா செலவாகுது. ஆனாலும் 90 வந்த கேம் 40-ஐ ஒட்டி வந்தா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை.

"பெரிய பேட்டரி வச்சா என்ன?"ன்னு கேட்கலாம். விமானத்துல தனி அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போக 100 வாட்-ஹவர்தான் எல்லை. அதனாலதான் பெரிய லேப்டாப்கள் கூட 99-ஐ ஒட்டி நின்னுடுது.

அப்போ பவர் பிளான் எதுக்கு?

காலேஜ் பஸ்ல ஸ்பீடு கவர்னர் பார்த்திருப்பீங்க. டிரைவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல போகாது. விண்டோஸ்ல இருக்கிற Power mode அந்த ஆக்சிலரேட்டர். கன்ட்ரோலர் வச்ச வாட் வரம்பு கவர்னர். Best performance வச்சா சிபியு சீக்கிரமா உயர்ந்த வேகத்துக்குப் போக விண்டோஸ் அனுமதிக்கும். ஆனா 80 வாட் வரம்பை 81 ஆக்க அதால முடியாது.

ஒரு வேடிக்கை என்னன்னா, சிபியுவும் ஜிபியுவும் ஒரே ரேஷனைப் பங்கு போடுற லேப்டாப்ல, பேட்டரியில Best performance வச்சா சிபியு கூடுதலா வாட் எடுத்துக்கும், ஜிபியுவுக்கு வர்றது குறையும். அப்போ Balanced-லயே கேம் நல்லா ஓடலாம். ரெண்டையும் ஒரே சீன்ல வச்சு ஆடிப் பாருங்க.

லேப்டாப் கம்பெனியோட சொந்த ஆப்ல வர்ற Silent, Turbo மாதிரியான மோடுகள் வேற வகை. அதுங்க கவர்னரையே மாத்துது. அதனாலதான் பல லேப்டாப்ல மேல் மோடு சார்ஜர் இல்லாம ஆன் ஆகாது.

சார்ஜர் மாத்தினவங்க கவனிங்க

காசு வீணாகிறது இங்கதான். பெட்டியோட வந்த சார்ஜர் கெட்டுப்போச்சு, கடையில "இதே பின், இதே வோல்ட்"னு ஒண்ணு குடுத்தாங்க. லேபிள்ல OUTPUT வரியைப் படிங்க. 20V, 11.5A-ன்னா பெருக்கினா 230 வாட். 20V, 7.5A-ன்னா 150 வாட்தான்.

நமக்கு வேண்டியது 185, வர்றது 150. குறையுற 35 வாட்டை பேட்டரியில இருந்து எடுக்க அனுமதிக்கிற லேப்டாப்னா, முதல் ஒரு மணி நேரம் எல்லாம் சரியா இருக்கும். ஆனா அதுக்குள்ள 60 வாட்-ஹவர்ல 35 காலி, அதாவது பாதிக்கு மேல. பேட்டரி ரொம்ப இறங்கினதும் கன்ட்ரோலர் ரேஷனை இறுக்கும், எஃப்பிஎஸ் திடீர்னு விழும். நாம என்ன நினைப்போம்? சூடாகிடுச்சுன்னு தெர்மல் பேஸ்ட் மாத்தக் கொண்டுபோவோம்! பிளக்ல இருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குதுன்னா, முதல் சந்தேகம் சார்ஜர் மேலதான் வரணும்.

டைப்-சி சார்ஜரும் அதே கதை. 100 வாட் டைப்-சி போட்டா மற்ற பாகங்களுக்கான 25 போக, 75 வாட்டை சிபியுவும் ஜிபியுவும் பிரிச்சுக்கணும். பேட்டரியை விட மேல், ஒரிஜினலை விடக் கீழ். கோடிங், கிளாஸுக்கு அது போதும். மறுபக்கம், 230 கேட்கிற லேப்டாப்புக்கு அதே வோல்டேஜ்ல 330 வாட் சார்ஜர் போட்டா வேகம் கூடாது. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும்.

நீங்களே கண்டுபிடிக்க

என்விடியா ஜிபியு இருந்தா, டெர்மினலைத் திறந்து இதை ஓட விட்டுட்டு கேம் ஆடுங்க:

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.gr,temperature.gpu --format=csv -l 1
```

ஒவ்வொரு செகண்டும் வாட், கிளாக் வேகம், வெப்பம் மூணும் வரும். ஒரே சீன்ல சார்ஜரோட அஞ்சு நிமிஷம், இல்லாம அஞ்சு நிமிஷம் பாருங்க. சார்ஜர் இல்லாதப்போ வாட் 35 பக்கம் ஒட்டி நின்னு, வெப்பம் 60 டிகிரிதான்னா, அது ரேஷன். லேப்டாப் நல்லா இருக்கு. சார்ஜர் போட்டும் வாட் குறைவு, வெப்பம் 85-ஐத் தாண்டுதுன்னா, அது சூட்டுப் பிரச்சினை.

இன்னொரு அடையாளம்: பேட்டரியில எஃப்பிஎஸ் சரியா 30-லயே அசையாம நிக்குதா? அது பெரும்பாலும் வாட் பற்றாக்குறை இல்லை. என்விடியா ஆப்ல இருக்கிற Battery Boost வேணும்னே போடுற பிரேக். அதை அணைச்சுப் பாருங்க.

பேட்டரியிலதான் ஆடியாகணும்னா, கிராஃபிக்ஸை மீடியமாக்கி கேமுக்குள்ளேயே 45 எஃப்பிஎஸ் வரம்பு வைங்க. 40-க்கும் 60-க்கும் நடுவுல தாவுறதை விட, நிலையான 45 கண்ணுக்கும் கைக்கும் இதமா இருக்கும், பேட்டரியும் கொஞ்சம் கூட நேரம் நிக்கும்.

உங்க லேப்டாப்ல அந்த வாட் நம்பர் எவ்வளவு வருதுன்னு கமென்ட்ல போடுங்க, மாடல் பெயரோட. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.