டிரைவர் மாற்றினால் கேம் வேகமாகுமா?

கேமிங் கம்ப்யூட்டர் புதிதாக அசெம்பிள் செய்தவருக்கு நண்பர்கள் முதலில் சொல்லும் யோசனை, "சிப்செட் டிரைவரை அப்டேட் பண்ணிடு" என்பதுதான். பண்ணிய ஒருவர், எஃப்பிஎஸ் நன்றாக ஏறிவிட்டது என்பார். அதே டிரைவரை அதே நாளில் போட்ட இன்னொருவர், ஒரு மண்ணும் மாறவில்லை என்பார். இருவருமே உண்மை பேசுகிறவர்களாக இருக்கலாம். அவரவர் மதர்போர்டில் எந்த ப்ராசசர் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

சிப்செட் டிரைவர் என்று நாம் சொல்வது ஒரே டிரைவர் அல்ல, ஒரு மூட்டை. ஏஎம்டி தரும் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன டிரைவர்கள் இருக்கும். பெரும்பாலானவை மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி, பிசிஐ போன்ற பாகங்களை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தி வைப்பவை. அவை இல்லாவிட்டால் Device Manager-இல் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரியும். கேமின் வேகத்துக்கும் அவற்றுக்கும் அநேகமாகத் தொடர்பில்லை. தொடர்புடையவை இரண்டே இரண்டு. ஒன்று AMD PPM Provisioning File Driver, மற்றொன்று AMD 3D V-Cache Performance Optimizer Driver. ப்ராசசரின் வேகத்தை இவையும் கூட்டுவதில்லை. எந்த வேலையை எந்தக் கோரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிற விண்டோஸ் ஷெட்யூலருக்கு இவை வழி சொல்கின்றன.

எல்லாக் கோர்களும் ஒரே மாதிரி இருந்தால் அந்த வழிகாட்டல் பெரிதாகத் தேவைப்படாது. கோர்கள் ஏற்றத்தாழ்வோடு இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு வருகிறது. இதற்கு மிகத் தெளிவான உதாரணம், 2023 பிப்ரவரி கடைசியில் ஏஎம்5 மதர்போர்டுகளுக்காக வெளிவந்த ரைசன் 9 7950எக்ஸ்3டி.

அந்த ப்ராசசரில் 16 கோர்கள், எட்டு எட்டாக இரண்டு தனித்தனிச் சில்லுகளில் இருக்கின்றன. முதல் சில்லின் மேல் கூடுதல் கேஷ் அடுக்கப்பட்டிருப்பதால் அதன் மூன்றாம் நிலைக் கேஷ் 96 எம்பி. இரண்டாவது சில்லில் அது 32 எம்பிதான். ஆனால் அந்த இரண்டாவது சில்லு 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். கேஷ் அடுக்கிய சில்லு அவ்வளவு வேகம் போகாது. கல்யாண வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தது போலத்தான். ஒன்றில் தீ அதிகம், ஆனால் மளிகைக்குக் கொல்லைப்புற அறைக்கு ஓட வேண்டும். இன்னொன்றில் தீ சற்றுக் குறைவு, ஆனால் எல்லாச் சாமானும் கை எட்டும் தூரத்தில்.

வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளுக்குத் தீ அதிகமுள்ள அடுப்பு நல்லது. பெரும்பாலான கேம்களுக்குச் சாமான் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. காரணம் எளிது. விநாடிக்கு 144 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 7 மில்லிவிநாடிக்கும் குறைவு. அதற்குள் எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது, எதைத் திரையில் வரைய வேண்டும் என்று லட்சக்கணக்கான முறை தகவலைத் தேடி எடுக்க வேண்டும். கேஷில் இருந்தால் சுமார் 10 நானோவிநாடியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ராம் வரை போனால் அதைப்போல் ஆறேழு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரு சில்லில் ஓடும் வேலை அடுத்த சில்லில் உள்ள தகவலைக் கேட்டாலும் இதே மாதிரி தாமதம்தான்.

ஆக, கேம் ஓடும்போது அதன் வேலை முழுவதும் கேஷ் அதிகமுள்ள சில்லிலேயே இருக்க வேண்டும். ஆனால் விண்டோஸின் இயல்பு நேர்மாறானது. வேகமான கோர் எதுவோ அதற்குத்தான் முதல் வேலையைக் கொடுக்கும். அதாவது தவறான சில்லுக்கு. இதைத் திருத்தத்தான் அந்த இரண்டு டிரைவர்களும் வந்தன.

நடப்பது இதுதான். நீங்கள் ஒரு கேமைத் திறக்கிறீர்கள். விண்டோஸோடு வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பார், இது கேம் என்று அடையாளம் காண்கிறது. கேம் மோட் இயங்கத் தொடங்குகிறது. வி-கேஷ் டிரைவர் விருப்ப வரிசையை மாற்றி, கேஷ் அதிகமுள்ள சில்லை முன்னுக்குக் கொண்டுவருகிறது. பிபிஎம் டிரைவர் தந்திருக்கும் விதிகளின்படி மற்ற சில்லின் எட்டுக் கோர்களும் 'பார்க்' செய்யப்படுகின்றன, அதாவது புது வேலை கொடுக்கப்படாமல் ஓய்வில் வைக்கப்படுகின்றன. பின்னணியில் வேலை கூடினால் அவை மறுபடி விழித்துக்கொள்ளும்.

இந்தச் சங்கிலியில் கேம் பார் ஒரு கண்ணி என்பதைக் கவனியுங்கள். விண்டோஸை 'லேசாக்குகிறேன்' என்று சிலர் முதலில் நீக்குவதே இந்தக் கேம் பாரைத்தான். நீக்கிவிட்டால் டிரைவர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், ஓடுவது கேம் என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. இன்னொரு தவறு, கன்ட்ரோல் பேனலில் பவர் பிளானை High performance-க்கு மாற்றுவது. பெயரைப் பார்த்தால் கேமுக்கு உகந்தது போலத் தெரியும். ஆனால் அந்தப் பிளானில் கோர்கள் பார்க் ஆகாது. கேம் இரண்டு சில்லுகளிலும் அலைய வழி திறந்துவிடும். இந்த ப்ராசசருக்குப் பொருத்தமானது Balanced.

சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். முதலில் டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

```
powercfg /getactivescheme
```

பதிலின் கடைசியில் Balanced என்று வர வேண்டும். பிறகு Resource Monitor-ஐத் திறந்து CPU பக்கத்துக்குப் போனால், வலதுபுறம் ஒவ்வொரு கோருக்கும் சின்னச் சின்ன வரைபடங்கள் தெரியும். கேமைத் திறந்து சில நிமிடம் விளையாடிவிட்டு, அதை மூடாமலேயே இந்தப் பக்கத்துக்கு வந்து பாருங்கள். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்ற கணக்கில், 16 முதல் 31 வரை எண்ணிட்ட வரைபடங்களில் Parked என்ற சொல் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. 0 முதல் 15 வரையிலானவை சும்மா கிடக்க, 16-க்கு மேற்பட்டவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கேம் தவறான சில்லில் ஓடுகிறது என்று பொருள்.

அப்படி இருந்தால், கேமுக்குள் இருக்கும்போதே விண்டோஸ் பொத்தானோடு G-ஐ அழுத்தி, கேம் பார் செட்டிங்ஸில் Remember this is a game என்பதை டிக் செய்யுங்கள். புதிதாக வந்த கேம்களும் அதிகம் அறியப்படாத கேம்களும் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அடுத்து பயாஸில் CPPC Dynamic Preferred Cores என்ற வரியைப் பாருங்கள். Auto அல்லது Driver என்று இருந்தால் டிரைவர் பேச்சு எடுபடும். Frequency என்று யாராவது மாற்றி வைத்திருந்தால் எடுபடாது. இவையெல்லாம் சரியாக இருந்தும் கோர்கள் பார்க் ஆகவில்லை என்றால்தான் சிப்செட் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே ப்ராசசரை மட்டும் மாற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். ஒரே சில்லுள்ள ப்ராசசருக்காகப் பதிந்த விதிகள் இரண்டு சில்லுக்காரருக்குப் பொருந்துவதில்லை.

இப்போது இதன் தம்பி ரைசன் 7 7800எக்ஸ்3டியை எடுத்துக்கொள்வோம். அதே ஏஎம்5, அதே டிரைவர் மூட்டை. ஆனால் இருப்பது ஒரே சில்லு, எட்டுக் கோர், எல்லாவற்றுக்கும் அதே 96 எம்பி கேஷ். கேம் எந்தக் கோரில் ஓடினாலும் சாமான் பக்கத்திலேயே இருக்கிறது. வி-கேஷ் டிரைவருக்கு இங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. மாதா மாதம் டிரைவரைப் புதுப்பித்தாலும் எஃப்பிஎஸ் அசையாது. ஒரு மண்ணும் மாறவில்லை என்று சொன்ன நண்பரிடம் இருந்தது இப்படிப்பட்ட ப்ராசசராக இருக்கலாம்.

ஒரே மாதிரிக் கோர்கள் உள்ளவர்களுக்கும் டிரைவர் உதவிய சந்தர்ப்பம் உண்டு, ஏதாவது உடைந்திருந்தபோது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்ததும் ரைசன் ப்ராசசர்களில் இரண்டு கோளாறுகள் தெரிந்தன. மூன்றாம் நிலைக் கேஷின் தாமதம் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனது. எந்தக் கோர் வேகமானது என்ற தகவலும் ஷெட்யூலருக்குச் சரியாகப் போகவில்லை. பாதிக்கப்பட்ட மென்பொருள்களில் 3 முதல் 5 சதவீதமும், இ-ஸ்போர்ட்ஸ் வகைக் கேம்கள் சிலவற்றில் 10 முதல் 15 சதவீதமும் வேகம் குறையலாம் என்று ஏஎம்டியே அறிவித்தது. அதே மாதத்தில் முதல் கோளாறுக்கு விண்டோஸ் அப்டேட்டும், இரண்டாவதற்குப் புதிய சிப்செட் டிரைவரும் வந்தன. அப்போது டிரைவர் போட்டவருக்கு வேகம் கூடியது நிஜம். ஆனால் அது புதிதாகக் கிடைத்த வேகம் அல்ல, தொலைந்து போய்த் திரும்பி வந்தது.

2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கும் இதே கதைதான். அதில் பெரிய கோர், சிறிய கோர் என இரண்டு வகை. அவற்றைக் கையாளும் பிபிஎம் தொகுப்பு, விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியீட்டு நாளன்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அது இல்லாததால் 6 முதல் 30 சதவீதம் வரை வேகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த டிசம்பரில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் எண்கள் தாறுமாறாக வந்ததும் இதன் அறிகுறி. ஆனால் திருத்தங்கள் எல்லாம் வந்தபின் விமர்சகர்கள் மறுபடி அளந்தபோது, பல கேம்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. தொகுப்பு இல்லாமல் அடி வாங்கிய கம்ப்யூட்டருக்கே அந்த 30 சதவீதம் பொருந்தும். ஏற்கெனவே ஒழுங்காக ஓடியதற்கு அல்ல.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த ரகம் என்று அறிய அளந்து பார்ப்பது ஒன்றே வழி. அளப்பதற்கு முன் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 97, 98 சதவீதத்தில் நின்றால் தடை அங்கேதான். ஷெட்யூலரை என்ன செய்தாலும் எஃப்பிஎஸ் மாறாது. 4கே திரையில் விளையாடும் பலருக்கு டிரைவர் மாற்றம் தெரியாமல் போவது இதனால்தான். சோதனைக்காக ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்கி, ஒரே காட்சியை மூன்று தடவை ஓட்டி, சராசரி எஃப்பிஎஸ்ஸோடு மிக மந்தமான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1% low என்று திரையில் வருவது அதுதான். வேலை தவறான கோருக்குப் போய்க்கொண்டிருந்தால் சராசரியைவிட இந்த எண்தான் முதலில் அடிவாங்கும். விளையாடும்போது திடீர் திக்கலாக நாம் உணர்வதும் அதைத்தான். பிறகு டிரைவரை மட்டும் மாற்றி, மறுபடி மூன்று தடவை ஓட்டுங்கள். அதே நாளில் பயாஸையும் விண்டோஸையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் வந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம். எதையும் மாற்றாமல் ஓட்டினாலும் அந்த அளவு ஆடும்.

மொத்தத்தில், புது மதர்போர்டு வாங்கியதும் ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்தோ, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ சிப்செட் டிரைவரை ஒரு தடவை கட்டாயம் போடுங்கள். இரண்டு சில்லு, இரண்டு வகைக் கோர் உள்ள ப்ராசசர் என்றால் புதிய பதிப்புகளைக் கவனித்து வாருங்கள். போட்டதும் கோர்கள் பார்க் ஆகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒரே சில்லில் ஒரே மாதிரிக் கோர்கள் உள்ளவர்கள், குறிப்பிட்ட ஒரு கோளாறு திருத்தப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தால் மட்டும் புதுப்பித்தால் போதும். அதிக எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் அவர்கள் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டைத்தான்.