ஒரே பிடிஎஃப், இரண்டு பெயர்

ஃபோல்டரில் bill.pdf, bill(1).pdf என்று கிடப்பவை ஒன்றேதானா? பெயரை நம்ப முடியாது. கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கிட்டுக் கிடைக்கும் 64 எழுத்துக் குறியீடுதான் ஹாஷ், கோப்பின் கைரேகை. லினக்ஸில் இந்தக் கட்டளை, ஹாஷ் ஒத்துப்போகும் கோப்புகளை மட்டும் காட்டும்:

```
sha256sum *.pdf | sort | uniq -w64 -D
```

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

தொல்லை இனிமேல்தான். அதே மின்கட்டண ரசீதை மறுபடி இறக்கினால், உள்ளே பதிவாகும் உருவாக்கிய நேரம் மாறியிருக்கக்கூடும். உடனே ஹாஷும் முற்றிலும் மாறிவிடும். அப்போது pdftotext மூலம் எழுத்துகளைப் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும். ஆனால் மார்ச் ரசீதும் மே ரசீதும் தேதி, யூனிட், தொகை தவிர அச்சு அசல் ஒன்றுதான். 95 சதவீதம் ஒத்திருந்தாலும் அவை வேறு வேறு. ஸ்கேன் செய்தவற்றிலோ பெரும்பாலும் எழுத்தே கிடைக்காது. வெறுமையும் வெறுமையும் ஒத்ததாகத் தோன்றும். இந்த இரண்டாம் பட்டியலில் எதையும் திறந்து பார்க்காமல் நீக்காதீர்கள்.