நூறுக்குள் 103

ஒரு தாளில் 1 முதல் 100 வரை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டால் வகுபடுபவை 50, மூன்றால் வகுபடுபவை 33, ஐந்தால் வகுபடுபவை 20. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாலாவது வகுபடும் எண்கள் மொத்தம் எத்தனை? கேட்டவுடன் கை தானாகக் கூட்டத்தான் போகும். கூட்டினால் 103 வருகிறது. ஆனால் தாளில் இருப்பதே நூறு எண்கள்தான். அதிலும் 7, 11, 49 என்று எந்த வகுப்பிலும் சேராதவை வேறு இருக்கின்றன.

103 என்பது நல்ல தப்பு. தான் தப்பு என்று அதுவே சொல்லிவிடுகிறது. இதே கேள்வியை இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டும் கேட்டுப் பாருங்கள். 50-ம் 33-ம் சேர்ந்து 83. நூறுக்குள் அடங்கும் எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சரியான விடையோ 67. தேர்வுத் தாளில் மதிப்பெண்ணைத் தின்பவை பெரும்பாலும் இந்த 83 போன்ற சத்தம் போடாத தப்புகள்தான். அதனால் மொத்தம் அளவை மீறுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. கூட்டுவதற்கு முன்னால், இரண்டு பட்டியலிலும் இடம்பெறக்கூடிய ஆள் உண்டா என்று கேட்க வேண்டும்.

இங்கே அப்படி இருப்பது 6. இரட்டைப்படை எண்களை எண்ணும்போது அது ஒருமுறை எண்ணப்பட்டது, மூன்றின் மடங்குகளை எண்ணும்போது மறுபடியும் எண்ணப்பட்டது. 12, 18, 24 என்று 96 வரை இப்படி 16 எண்கள். ஒவ்வொன்றும் கூடுதலாக ஒருமுறை உள்ளே வந்திருப்பதால் 83-லிருந்து 16-ஐக் கழிக்கிறோம். சொந்தத்தில் பெண் எடுக்கும் கல்யாணத்தில் இரு வீட்டார் பட்டியலையும் அப்படியே கூட்டி இலைக்கணக்குச் சொன்னால், பொதுவான மாமன் மச்சான்களுக்கு ஆளுக்கு இரண்டு இலை விழுமே, அதே கதைதான். கவனியுங்கள், அந்த 16 எண்களை நாம் வெளியே தள்ளவில்லை. இருமுறை வந்தவற்றை ஒருமுறையாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். பொதுவானவர்களை இரண்டு தரம் கழித்துவிடும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அவர்களுக்கு 51 வரும். அது வேறொரு கேள்விக்கு, அதாவது ‘இரண்டில் சரியாக ஒன்றால் மட்டும் வகுபடுபவை எத்தனை’ என்பதற்கு, சரியான விடை.

இந்தக் கணக்குகளுக்கு நாம் வரையும் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களை 1880-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் வென் தர்க்கத்துக்காக முன்வைத்தார். இங்கே ஒன்பதாம் வகுப்பில் கண மொழிப் பாடத்தோடு வென்படமாக வந்து சேர்கிறது. படத்தின் நன்மை, ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் ஒரே ஓர் இடம்தான் உண்டு என்பது. 6 இரண்டு வட்டங்களும் வெட்டும் பகுதியில் நின்றுவிட்டால் வேறெங்கும் நிற்க முடியாது. ஆனால் படம் வரைந்தும் தப்பு செய்யலாம். இரண்டின் வட்டத்தில் 50 என்றும், மூன்றின் வட்டத்தில் 33 என்றும், நடுவில் 16 என்றும் எழுதிவிட்டு மூன்றையும் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 50 என்பது முழு வட்டத்தின் எண்ணிக்கை. நடுப்பகுதிக்கு 16 போனபின் மிச்சப் பிறைக்குரியது 34தான். கேள்வியில் ‘இரண்டால் வகுபடுபவை’ என்றால் முழு வட்டம், ‘இரண்டால் மட்டும்’ என்றால் பிறை. எண்ணை எங்கே எழுதுவது என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

இனி 103-க்குத் திரும்பலாம். மூன்று வட்டங்கள் என்றால் இரண்டிரண்டாக வெட்டும் இடங்கள் மூன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவானவை 16, இரண்டுக்கும் ஐந்துக்கும் பொதுவானவை 10, மூன்றுக்கும் ஐந்துக்கும் பொதுவானவை 6. மொத்தம் 32. கழித்தால் 71. முடிந்தது என்று பேனாவை மூடிவிடத் தோன்றும். ஆனால் 30 என்ற எண்ணின் கதி என்ன ஆயிற்று என்று பாருங்கள். அது மூன்று பட்டியலிலும் இருந்ததால் மூன்று முறை எண்ணப்பட்டது. பிறகு 6-இன் மடங்காக ஒருமுறை, 10-இன் மடங்காக ஒருமுறை, 15-இன் மடங்காக ஒருமுறை என்று மூன்று முறை கழிக்கப்பட்டது. கடைசியில் கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டது. 60-க்கும் 90-க்கும் இதே கதிதான். அந்த மூன்றையும் திரும்பச் சேர்த்தால் 74. சூத்திரத்தின் கடைசியில் வரும் கூட்டல் குறிக்கு இதுதான் காரணம். காரணம் தெரிந்தவருக்குக் குறி மறக்காது.

என்னைக் கேட்டால் சூத்திரத்தைவிட, படத்தை நடுவிலிருந்து வெளியே நிரப்பி வருவதே பாதுகாப்பு. முதலில் நட்டநடுவில் 3. ஆறின் மடங்குகள் 16-இல் அந்த மூன்றும் அடக்கம் என்பதால் அந்த இதழுக்கு மிச்சம் 13. அதேபோல் பத்தின் இதழுக்கு 7, பதினைந்தின் இதழுக்கு 3. இரண்டின் வட்டத்தில் 3, 13, 7 ஆகியவை போனால் 27. மூன்றுக்கு 14 மிஞ்சும், ஐந்துக்கு 7. ஏழு பகுதிகளையும் கூட்டினால் அதே 74. வெளியே 26. இப்படி நிரப்பும்போது ஏதாவது ஒரு பகுதியில் கழித்தல் எண் வந்தால் உடனே நிறுத்துங்கள். ‘மட்டும்’ என்பதைத் தவறாகப் படித்திருப்பீர்கள், அல்லது கேள்வியே பிசகாக இருக்கும்.

பொதுவானவர்கள் எத்தனை பேர் என்றே கேள்வி சொல்லாவிட்டால்? அப்போது அளவுமீறிய மொத்தமே துப்பாக உதவும். ஐம்பது பேர் வகுப்பில் கிரிக்கெட் ஆடுபவர் 32, கபடி ஆடுபவர் 27 என்றால் கூட்டல் 59. ஒன்பது அதிகம். ஆகவே குறைந்தது ஒன்பது பேராவது இரண்டும் ஆடுபவர்கள். எதுவுமே ஆடாதவர் இருந்தால் அந்த எண் இன்னும் ஏறும். லூயிஸ் கரோல் 1885-இல் ஒரு புதிர் புத்தகத்தில் இதைக் கொஞ்சம் கொடூரமாகவே கேட்டார். முன்னாள் படைவீரர்களில் நூற்றுக்கு 70 பேர் ஒரு கண்ணையும், 75 பேர் ஒரு காதையும், 80 பேர் ஒரு கையையும், 85 பேர் ஒரு காலையும் இழந்திருக்கிறார்கள். நான்கையும் இழந்தவர் குறைந்தது எத்தனை பேர்? நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் தேவையான எல்லாப் பகுதிகளும் கிடைக்காது. வென்னே நான்குக்கு நீள்வட்டங்களைத்தான் வரைந்தார். இதற்கோ படமே வேண்டாம். காயங்கள் மொத்தம் 310. ஆளுக்கு மூன்று காயம் என்று பங்கிட்டாலும் நூறு பேருக்கு 300தான் தீரும். மிச்சம் பத்து. ஆகவே குறைந்தது பத்துப் பேர்.

நூறுக்குப் பதில் ஆயிரம் வரை எழுதிக்கொண்டு, அதே 2, 3, 5-க்கு நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 734. உங்களுக்கு 1033 வந்தால் எதையுமே கழிக்கவில்லை. 701 வந்தால் 30-இன் மடங்குகளைத் திரும்பச் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.